எட்டுத் துண்டு வேலை, ஆறு வேகக் கோர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான்: "கேம் விளையாடும்போது இ-கோர்களை ஆஃப் பண்ணி வைக்கட்டுமா?" பின்னால் இருக்கும் பயம் புரிகிறது. பிராசஸரில் வேகமான பி-கோர்கள் சில, மெதுவான, சிக்கனமான இ-கோர்கள் சில. கேம் தவறிப்போய் மெதுவானவற்றில் மாட்டிக்கொண்டால் காசு கொடுத்து வாங்கிய வேகம் வீண்தானே?

பயத்தில் பாதி உண்மை. ஆனால் "கேம்" என்ற ஒரே பொருள் ஏதோ ஒரு கோரில் போய் உட்கார்வதாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஒரு கேமுக்குள் பல திரெட்கள், அதாவது தனித்தனியாக ஓடும் வேலைச் சரடுகள், ஓடுகின்றன. முதன்மைத் திரெட் ஒன்று, படத்தை ஜிபியுவுக்குத் தயார் செய்யும் ரெண்டர் திரெட் ஒன்று, அவை இரண்டும் கொடுக்கும் சில்லறை வேலைகளைச் செய்ய ஒர்க்கர் திரெட்கள் ஒரு கூட்டம். இவற்றில் எது எங்கே ஓடுகிறது என்பதுதான் கேள்வி. நான் பார்த்தவரை முதன்மைத் திரெட் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கிறது. சிக்கல் வருவது ஒர்க்கர்களால், அதுவும் கேம் தன் வேலையைப் பங்கு பிரிக்கும் விதத்தால்.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு பிராசஸரை எடுத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ5-12600கே, 2021 நவம்பரில் வந்த ஆல்டர் லேக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆறு பி-கோர்கள், நான்கு இ-கோர்கள். பி-கோர் ஒவ்வொன்றிலும் ஹைப்பர்திரெடிங் உண்டு, அதாவது ஒரே கோர் இரண்டு திரெட்களை ஒரே நேரத்தில் ஏற்கும். இ-கோரில் அது கிடையாது. ஆக விண்டோஸ் கண்ணுக்கு 12 + 4, மொத்தம் 16 பிராசஸர்கள். பி-கோர் அதிகபட்சம் 4.9 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், இ-கோர் 3.6. கடிகார வேகம் மட்டும் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஒரு சுற்றில் அது முடிக்கும் வேலையும் குறைவு. போதாததற்கு, தரவைக் கோருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும் வேக நினைவகமான எல்2 கேஷில் 2 எம்பியை நான்கு இ-கோர்களும் சேர்ந்து பகிர்ந்துகொள்கின்றன. பி-கோருக்கோ ஆளுக்கு 1.25 எம்பி தனியாக இருக்கிறது.

எந்தத் திரெட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது விண்டோஸின் ஷெட்யூலர். இன்டெல் பெரிதாக விளம்பரம் செய்த திரெட் டைரக்டர் என்பது எதையும் நகர்த்தாது. சிலிக்கானுக்குள் இருந்துகொண்டு, ஓடும் திரெட் எந்த மாதிரி கட்டளைகளைப் பயன்படுத்துகிறது என்று பார்த்து, "இந்த மாதிரி வேலைக்குப் பி-கோரில் இவ்வளவு லாபம்" என்று ஒரு அட்டவணையை நிரப்பி வைக்கும், அவ்வளவுதான். அதை விண்டோஸ் 11 படித்துப் பார்த்து முடிவெடுக்கும். காத்திருக்கும்போது சும்மா சுழன்றுகொண்டிருக்கும் திரெட்டையும் திரெட் டைரக்டர் இனம் காணும். கேம்களில் இது முக்கியம். வேலை இல்லாத ஒர்க்கர் தூங்கப் போகாமல் "வேலை வந்ததா, வேலை வந்ததா" என்று சுற்றிக்கொண்டே இருப்பது கேம் எஞ்சின்களில் சகஜம். அப்படிச் சுற்றுகிற ஒன்று பி-கோரை அடைத்துக்கொண்டிருந்தால், அதை இ-கோருக்குத் தள்ளிவிட்டு இடத்தைக் காலி செய்யலாம்.

கூடவே விண்டோஸ் தன் பங்குக்கு வேறொன்றையும் பார்க்கிறது: ஜன்னல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா. முன்னால், ஃபோகஸில் இருக்கும் ஜன்னலுக்கு முதல் மரியாதை. கண்ணுக்குத் தெரிகிறது ஆனால் ஃபோகஸ் இல்லை என்றால் நடுத்தரம். மினிமைஸ் செய்து, சத்தமும் வரவில்லை என்றால் கடைசி இடம். பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் இந்தக் கடைசி வகை இ-கோருக்குப் போய்விடும். கேமை ஓடவிட்டு, இரண்டாவது மானிட்டரில் வேறு எதையாவது கிளிக் செய்ததும் சிலருக்கு ஃபிரேம்ரேட் சரிகிறதே, அதைத் துருவும்போது இதையும் சந்தேகப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம். (ஃபோகஸ் போனதும் தானே ஃபிரேம்ரேட்டைக் குறைத்துக்கொள்ளும் கேம்களும் உண்டு. விண்டோஸைத் திட்டும் முன் கேமின் செட்டிங்கைப் பாருங்கள்.)

முழுத்திரையில் கேம் ஓடுகிறது, முதன்மைத் திரெட் ஓயாமல் வேலை செய்கிறது என்றால், ஷெட்யூலருக்கு அதைப் பி-கோரில் வைக்க ஒரு குழப்பமும் இல்லை. அடுத்தடுத்து வரும் திரெட்களை நிரப்பும் வரிசையும் விவரமானது. முதலில் காலியான பி-கோர்கள், அவை தீர்ந்தால் இ-கோர்கள், அதற்கும் மேல் வந்தால்தான் ஏற்கெனவே ஒரு திரெட் ஓடும் பி-கோரின் இரண்டாவது இடம். ஏன் இ-கோர் இரண்டாவதாக வருகிறது என்றால், பி-கோரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு திரெட்களும் வேகம் இழக்கும். புதிதாக வருவது மட்டுமல்ல, ஏற்கெனவே நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்ததும் பாதிக்கப்படும். அந்த நிம்மதியான திரெட் உங்கள் முதன்மைத் திரெட்டாக இருந்துவிட்டால்? அதனால் புதியவரை இ-கோருக்கு அனுப்புவதுதான் நியாயம்.

இதுவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சரி, அப்புறம் எங்கே சறுக்குகிறது?

ஒரு ஃபிரேமுக்குள் நடக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். காட்சியில் உள்ள உருவங்களின் அசைவைக் கணக்கிடுவது என்று வையுங்கள். ஒரே பி-கோரில் செய்தால் 24 மில்லி விநாடி ஆகும். 120 ஃபிரேம் வேண்டுமானால் ஒரு ஃபிரேமுக்கே 8.33 மில்லி விநாடிதான் இருக்கிறது, எனவே வேலையைப் பிரித்தே ஆக வேண்டும். பழக்கமான எஞ்சின் ஒன்று இதை எட்டுச் சம துண்டுகளாக வெட்டுகிறது. எட்டு என்பது எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தேவையில்லை. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும், எக்ஸ்பாக்ஸிலும் எட்டு கோர்கள், எல்லாம் ஒரே வகை. அங்கே எட்டுச் சம துண்டு என்பது மிகச் சரியான கணக்கு.

அதே எட்டுத் துண்டு 12600கே-க்கு வருகிறது. ஒவ்வொரு துண்டும் பி-கோரில் 3 மில்லி விநாடி. கணக்குக்கு வசதியாக, இ-கோரின் வேகம் பி-கோரில் பாதி என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையில் இது வேலையைப் பொறுத்து மாறும். ஆறு துண்டுகள் ஆறு பி-கோர்களுக்குப் போகின்றன, 3 மில்லி விநாடியில் முடிந்துவிடுகின்றன. மிச்சம் இரண்டு துண்டுகள் வரிசைப்படி இ-கோர்களுக்கு. அவை முடிய 6 மில்லி விநாடி. எட்டும் முடிந்தால்தான் ஃபிரேம் அடுத்த கட்டத்துக்குப் போகும், ஆகவே வேலை முடிந்த ஆறு பி-கோர்களும் 3 மில்லி விநாடி வெறுமனே காத்திருக்கின்றன. கூட்டமாக நடக்கிறவர்களின் வேகம் கடைசியில் வருகிறவரின் வேகம்தான்.

அந்த இடைவெளியில் விண்டோஸ் குறுக்கிட்டு, இ-கோரில் திணறும் துண்டைத் தூக்கிக் காலியான பி-கோருக்கு மாற்றலாமே என்று தோன்றும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் திரெட்டைப் பாதியில் நகர்த்துவதற்கு 3 மில்லி விநாடி மிகக் குறுகிய நேரம். கவனித்து முடிவெடுப்பதற்குள் துண்டே முடிந்துவிடும்.

இப்போது நண்பரின் யோசனைப்படி பயாஸில் இ-கோர்களை ஆஃப் செய்வோம். எட்டுத் துண்டுகளும் ஆறு பி-கோர்களுக்குள் அடங்க வேண்டும். நான்கு கோர்களில் தலா ஒன்று, இரண்டு கோர்களில் தலா இரண்டு. பகிர்ந்துகொள்ளும் கோரில் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனியாக ஓடும் வேகத்தில் 60 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்தால், அந்தத் துண்டுகள் முடிய 5 மில்லி விநாடி. 6 இருந்தது 5 ஆனது. ஃபிரேம்ரேட் கொஞ்சம் ஏறும். "பாருங்கள், இ-கோர்தான் பிரச்சினை" என்று ஒரு வீடியோவும் வந்துவிடும்.

ஆனால் அதே 24 மில்லி விநாடி வேலையை எட்டாக வெட்டாமல் நூற்றிருபது சிறு துண்டுகளாக வெட்டி ஒரு வரிசையில் போட்டு, கை காலியானவர் அடுத்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால்? துண்டு ஒன்று பி-கோரில் 0.2, இ-கோரில் 0.4 மில்லி விநாடி. ஆறு பி-கோரும் நான்கு இ-கோரும் சேர்ந்து எட்டு பி-கோருக்குச் சமம். 24-ஐ எட்டால் வகுத்தால் 3 மில்லி விநாடி, கடைசித் துண்டுக்குக் கொஞ்சம் சேர்த்தாலும் மூன்றரையைத் தாண்டாது. அதே சிலிக்கான், அதே இ-கோர்கள். 6 என்பது பாதியாகக் குறைந்ததற்கு ஷெட்யூலர் ஒன்றும் செய்யவில்லை, கேம் வேலையை வெட்டிய விதம் மாறியது. துண்டுகளை மிகப் பொடியாக வெட்டினால் எடுத்து வைக்கும் செலவே அதிகமாகிவிடும் என்பதால், எஞ்சின் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு அளவு பார்த்துத்தான் நிறுத்துவார்கள்.

இந்தக் கணக்கு இன்னொரு விசித்திரத்தையும் விளக்குகிறது. ஒரே கேம், 12600கே-யில் திக்கித் திக்கி ஓடும், 12700கே-யில் வழுக்கிக்கொண்டு போகும். பின்னதில் எட்டு பி-கோர்கள் இருக்கின்றன. எட்டுத் துண்டுகளும் பி-கோர்களிலேயே அடங்கிவிடும். இ-கோர்கள் அங்கேயும் நான்கு இருக்கத்தான் செய்கின்றன, யாரும் அவற்றைக் குறை சொல்வதில்லை.

சரி, உங்கள் கேமில் நடப்பது இதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து கோர்வாரியான வரைபடத்தைப் பார்ப்பார்கள். அது இங்கே அதிகம் உதவாது. அது விநாடிக்கு ஒரு முறை புதுப்பிக்கிற சராசரி. நாம் தேடுவது 3 மில்லி விநாடி இடைவெளியை. தவிர, சும்மா சுழன்றுகொண்டிருக்கும் ஒர்க்கரும் அதில் முழு மூச்சாக உழைப்பதாகத் தெரியும்.

முதலில் பார்க்க வேண்டியது, பிராசஸர்தான் தடையா என்பது. இன்டெலின் இலவச மென்பொருளான பிரசென்ட்மான் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எவ்வளவு நேரம் ஆனது, அதில் ஜிபியு எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்று பிரித்துக் காட்டும். ஃபிரேம் நேரமும் `GPUBusy` அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் தடை ஜிபியுதான். திரெட்கள் எந்தக் கோரில் ஓடினாலும் உங்களுக்கு ஒரு ஃபிரேம்கூடக் கூடப்போவதில்லை, இதோடு விட்டுவிடலாம். 4கே-யில் எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்துக்கொண்டு இ-கோரைப் பற்றி வாதாடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

ஃபிரேம் நேரத்தைவிட `GPUBusy` கணிசமாகக் குறைவாக இருந்தால் மேலே தோண்டலாம். விண்டோஸிலேயே உள்ள பதிவுக் கருவி போதும். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் விண்டோவைத் திறந்து முதல் வரியை ஓட்டி, கேமில் திக்கும் இடத்தில் சில விநாடிகள் விளையாடிவிட்டு, இரண்டாவது வரியைக் கொடுக்க வேண்டும்:

```
wpr -start CPU
wpr -stop game.etl
```

கிடைக்கும் கோப்பை விண்டோஸ் பெர்ஃபார்மன்ஸ் அனலைசரில் திறந்து `CPU Usage (Precise)` என்ற வரைபடத்தை எடுங்கள். ஒவ்வொரு முறை ஒரு திரெட் ஒரு கோரில் ஏறி இறங்கியதும் அதில் பதிவாகி இருக்கும். கேமின் திரெட்களை மட்டும் வைத்துக்கொண்டு, திரெட்வாரியாக, அதற்குள் கோர்வாரியாக அடுக்கிப் பாருங்கள். பல எஞ்சின்கள் திரெட்களுக்குப் பெயர் வைத்திருக்கும். அன்ரியல் எஞ்சினில் முதன்மைத் திரெட் `GameThread` என்றும், ரெண்டர் திரெட் `RenderThread` என்றும் இருக்கும். 12600கே-யில் வழக்கமாக 0 முதல் 11 வரை பி-கோர், 12 முதல் 15 வரை இ-கோர். புதிய பிராசஸர்களில் இந்த எண்கள் கலந்து வருவதுண்டு, எனவே உங்கள் பிராசஸரில் எது எது என்று மைக்ரோசாஃப்டின் `coreinfo` கருவியை ஓட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

`GameThread` நீண்ட நேரம் 12–15-இல் ஓடியிருந்தால், கேம் தவறான கோரில் விழுந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். முழுத்திரையில் ஓடும் கேமில் இதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்க அதிக வாய்ப்புள்ளது வேறு. `GameThread` பி-கோரில் இருக்கும், ஆனால் ஒவ்வொரு ஃபிரேமிலும் நடுவில் தூங்கி எழுந்திருக்கும். அதை யார் எழுப்பினார்கள் என்பதை `Readying Thread Id` என்ற நெடுவரிசை சொல்லும். அந்த எண்ணுக்குரிய திரெட் திரும்பத் திரும்ப 12–15-இல் ஓடிய ஒர்க்கராகவே இருக்கிறது, அந்த நேரத்தில் பி-கோர்கள் காலியாகக் கிடக்கின்றன என்றால், மேலே சொன்ன எட்டுத் துண்டுக் கதையேதான். எழுப்புகிறவர் ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோரில் இருந்தால் இ-கோர்மேல் பழி போட ஆதாரம் இல்லை.

அப்படி உறுதியானால் செய்யக்கூடியவை சில உண்டு. எதுவும் முழுத் தீர்வு இல்லை. கேமைப் பி-கோர்களுக்குள் மட்டும் கட்டிப்போடலாம்:

```
start "" /affinity FFF game.exe
```

`FFF` என்பது பன்னிரண்டு பிட்கள், அதாவது 0 முதல் 11 வரை. பயாஸில் ஆஃப் செய்வதும் இதுவும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றல்ல. எத்தனை ஒர்க்கர்களை உருவாக்கலாம் என்று பார்க்கக் கேம் `GetSystemInfo` மூலம் எண்ணிக்கை கேட்டால், கட்டுப்பாடு போட்ட பிறகும் விண்டோஸ் 16 என்றே பதில் சொல்லும். கேமும் அதை நம்பிப் பதினைந்து ஒர்க்கர்களை உருவாக்கிப் பன்னிரண்டு இடத்துக்குள் திணிக்கும். சிலவற்றுக்கு உட்கார இடமே இருக்காது, வரிசையில் நிற்கும். பயாஸில் ஆஃப் செய்தால் எண்ணிக்கையே 12 ஆகிவிடுவதால் இந்த நெரிசல் வராது. இரண்டு வழியையும் சோதித்துவிட்டு ஒன்றுக்கொன்று முரணான முடிவோடு வருகிறவர்களுக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தவிர, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் உள்ள கேம்கள் சில வெளியிலிருந்து இப்படிக் கட்டுவதை அனுமதிப்பதில்லை.

பயாஸில் ஆஃப் செய்வதற்கும் விலை உண்டு. ஷேடர் கம்பைல் ஆகும்போது, அடுத்த பகுதியின் கோப்புகளை விரித்து ஏற்றும்போது, எல்லாக் கோர்களும் கைகொடுக்கும் வேலைகளில் இ-கோர்கள் அருமையாக உழைக்கின்றன. பின்னணியில் ஓடும் குரல் அரட்டை, ரெக்கார்டிங், பிரவுசர் எல்லாவற்றுக்கும் அவைதான் ஒதுங்கும் இடம். அவற்றை எடுத்துவிட்டால் இவையெல்லாம் உங்கள் கேம் ஓடும் பி-கோர்களுக்குத்தான் வந்து சேரும். ஆல்டர் லேக்கில் மட்டும் கூடுதலாக ஒரு நியாயம் இருந்தது: இ-கோர்கள் விழித்திருந்தால் கோர்களை இணைக்கும் ரிங் பஸ்ஸின் வேகம் குறையும், எல்3 கேஷ் அதோடு மெதுவாகும். அடுத்த தலைமுறையான ராப்டர் லேக்கில் இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். பழைய அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இ-கோர் என்றாலே கேமுக்கு ஆகாது என்ற பெயர் நிலைத்ததற்கு ஆல்டர் லேக் வந்த புதிதில் நடந்த இன்னொரு விஷயமும் உதவியிருக்கும். அப்போது ஐம்பது கேம்கள் அளவில் ஒழுங்காக ஓடவில்லை. காரணம் வேகமே இல்லை. அவற்றில் இருந்த நகல் தடுப்பு மென்பொருள், இ-கோரைப் பார்த்ததும் இது வேறொரு கம்ப்யூட்டர் என்று முடிவு கட்டியது. அதற்காக இன்டெல் ஒரு வேடிக்கையான வழி வைத்திருந்தது. பயாஸில் ஒரு செட்டிங்கை இயக்கிவிட்டு, கீபோர்டில் யாரும் தொடாத `Scroll Lock` விசையைத் தட்டினால் இ-கோர்கள் ஒதுங்கிக்கொள்ளும். அந்த விசைக்கு ஒரு வேலை கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான். 2022 தொடக்கத்தில் அந்தக் கேம்களுக்கெல்லாம் திருத்தம் வந்துவிட்டது.

2023 அக்டோபரில் 14-ஆம் தலைமுறையோடு ஏபிஓ என்று ஒன்றை இன்டெல் கொண்டுவந்தது. ஒவ்வொரு கேமையும் தனித்தனியாக ஆராய்ந்து, அதன் திரெட்களை எப்படி அடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாடு. தொடக்கத்தில் பட்டியலில் இருந்தவை இரண்டே கேம்கள், ரெயின்போ சிக்ஸ் சீஜும் மெட்ரோ எக்ஸோடஸும். கேமின் நிரலைத் தொடாமல் வெளியிலிருந்து அடுக்கை மட்டும் மாற்றியே வித்தியாசம் காட்ட முடிகிறது என்றால், பொதுவான ஷெட்யூலர் விட்டுவைக்கும் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கேம் கேமாக ஆள் போட்டுப் பார்க்கும் வழி எத்தனை கேமுக்குப் போய்ச் சேரும்? இது உண்மையில் எஞ்சின் செய்ய வேண்டிய வேலை. எந்தக் கோர் எந்த வகை என்று `GetSystemCpuSetInformation` கேட்டால் விண்டோஸ் சொல்லும். அதில் `EfficiencyClass` எண் பெரிதாக இருந்தால் வேகமான கோர். பெயரைப் பார்த்துத் தலைகீழாகப் புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் உள்ள எண் அது.

டெஸ்க்டாப்பில் இந்தச் சிக்கல் மெல்லத் தேய்ந்துகொண்டிருக்கிறது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 5 245கே-யில் ஆறு பி-கோர்கள், எட்டு இ-கோர்கள், ஹைப்பர்திரெடிங் இல்லை. பி-கோர் 5.2 கிகாஹெர்ட்ஸ், இ-கோர் 4.6. இ-கோரின் உள் அமைப்பும் ஆல்டர் லேக் காலத்ததைவிட நிறைய முன்னேறியிருக்கிறது. பழைய கணக்கையே இதில் போடலாம். இ-கோர் வேகம் பி-கோரில் 80 சதவீதம் என்று வைத்தால், எட்டில் கடைசி இரண்டு துண்டுகள் 3.75 மில்லி விநாடியில் முடியும். 6 எங்கே, 3.75 எங்கே. அதே முரட்டு வெட்டு, அதே ஆறு பி-கோர்கள், ஆனால் காத்திருப்பு முக்கால் மில்லி விநாடியாகச் சுருங்கிவிட்டது.

லேப்டாப்பில் நிலைமை வேறு. 2023 கடைசியில் வந்த மீட்டியர் லேக்கில் மூன்றாவதாக ஒரு வகை கோர் இருக்கிறது. சிலிக்கானின் வேறொரு துண்டில், எல்3 கேஷுக்கு வழியே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டு எல்பிஇ-கோர்கள். திரை அணைந்திருக்கும்போதும் வீடியோ ஓடும்போதும் மின்சாரம் மிச்சம் பிடிக்க அவை நல்லவை. கேமின் ஒர்க்கர் ஒன்று அங்கே போனால், தேடும் தரவு தன் எல்2-வில் இல்லாத ஒவ்வொரு முறையும் மெமரி வரை போய் வர வேண்டும். பாதி வேகம் என்ற நம் கணக்கெல்லாம் அங்கே எடுபடாது. அந்த லேப்டாப்களில் பதிவு எடுத்துப் பார்க்கிறவர்கள், `GameThread`-ஐ எழுப்பியவர் பட்டியலில் முதலில் தேட வேண்டியது அந்த இரண்டு கோர்களின் எண்களைத்தான்.